வடகப் பொட்டலத்தின் பின்பக்கக் கதை

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் வீட்டிலேயே தாளிப்பு வடகம் செய்து விற்கிறேன். பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சிட இப்படி எழுதியிருக்கிறேன்: “பாட்டியின் கைமணத்தில், தலைமுறை தலைமுறையாக வந்த பாரம்பரிய முறையில், இயற்கையான பொருட்களைக் கொண்டு, அன்போடும் அக்கறையோடும் தயாரிக்கப்பட்டது. ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு தாயின் பாசம்.” படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மாமியார். சென்னையில் அடுக்ககத்தில் இருக்கும் நாத்தனாருக்குக் காயவைக்க இடமில்லாததால் அவருக்குச் செய்துகொடுக்கத் தொடங்கினேன். பிறகு அவருடைய அண்டை வீட்டாரும் கேட்டார்கள். மழைக்காலத்தில் ஏன் கிடைப்பதில்லை என்று வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எப்படித் திருத்துவது?

— க., கும்பகோணம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கதை கடிதத்தில் முழுமையாக இருக்கிறது. பொட்டலத்திற்கென்று எழுதிய வாசகத்தில்தான் அது இல்லை. அந்த வாசகத்தில் வடகம் என்ற சொல்லே வரவில்லை. அதை அப்படியே எடுத்து ஒரு பருப்புப்பொடியின் மீதோ எலுமிச்சை ஊறுகாயின் மீதோ ஒட்டினாலும் யாரும் வேறுபாடு காண மாட்டார்கள். அது நினைவில் நிற்காததற்குக் காரணம் இதுவே.

முதலில் பாட்டியை எடுத்துவிடுங்கள். கற்றுக்கொடுத்தவர் மாமியார் என்று நீங்களே எழுதியிருக்கும்போது, விற்பனைக்காகப் பாட்டியை வரவழைப்பது உண்மையும் அல்ல, பயனுள்ளதும் அல்ல. ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’ என்ற இரண்டு சொற்களையும் வேறொரு காரணத்திற்காகவும் விட்டுவிடச் சொல்கிறேன். உணவு விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்குமான இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், இத்தகைய சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு நிபந்தனைகள் விதித்திருக்கின்றன. நிபந்தனையோடு வரும் ஒரு சொல்லை, அதனால் தனியாக எந்தத் தகவலும் கிடைக்காதபோது, சிறிய பொட்டலத்தில் சுமக்க வேண்டியதில்லை.

அன்பு, அக்கறை என்ற சொற்களைப் பொறுத்தவரை, அவற்றை அடித்துவிட்டு, அந்த அக்கறையால் உங்கள் கை என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வடகத்தில் அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. உருண்டையை உருட்டியபடியே வெயிலில் விட்டால் மேற்புறம் இறுகி, நடுவில் வெங்காயத்தின் ஈரம் தங்கி, சில வாரங்களில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் மாலைதோறும் உருண்டையை உடைத்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, மறுபடி உருட்டி, மறுநாள் வெயிலில் வைக்கிறார்கள். வடகம் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணும் இந்த ஒரு வரியைப் படித்த உடனே உங்களை நம்புவார். போட்டறியாதவருக்கும், இதில் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது என்று நீங்கள் சொல்லாமலே புரியும்.

மழைக்காலத்தில் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியை நீங்கள் ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் கதையின் முடிவு அதுதான். வாங்குபவர் உண்மையாகவே கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் வரி, நாமாக நினைத்துக்கொண்டு எழுதும் எந்தப் புகழுரையையும்விட நன்றாகப் படிக்கப்படும். சேர்மானங்கள், எடை, தயாரித்த நாள், பதிவு எண், முகவரி ஆகியவை கட்டாயமாக இடம்பெறவேண்டிய பின்பக்கத்தில் கதைக்கு மிஞ்சுவது ஐந்தாறு வரிகளே என்பதால், நான் இப்படிச் சுருக்குவேன்:

“சென்னை அடுக்ககத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு வடகம் காயவைக்க இடமில்லை. மாமியார் கற்றுக்கொடுத்தபடி அவருக்காகச் செய்யத் தொடங்கினேன். பிறகு அண்டை வீட்டாரும் கேட்டார்கள். மாலைதோறும் உருண்டையை உடைத்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டி, நடுவிலும் ஈரம் போகும்வரை காயவைக்கிறோம். கோடை வெயிலில் மட்டுமே போடுகிறோம். தீர்ந்துவிட்டால் அடுத்த கோடையில்தான்.”

இதில் ‘சுவை’ என்ற சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சுவையைக் குழம்பு சொல்லட்டும். ஒரு மனிதர், ஒரு தேவை, ஒரு செய்முறை, ஒரு வரம்பு ஆகிய நான்கும் இருந்தால் போதும். மாமியாரின் ஊர், முதல் விற்பனை, வெங்காயம் வாங்கும் சந்தை என்று சேர்க்க ஆசை வரும். அவற்றை நேரில் கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்; பொட்டலத்தில் ஐந்தாவது ஒன்று சேர்ந்தால் முதல் நான்கும் மங்கிவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. நான் எழுதிய செய்முறை வரி உங்கள் வீட்டில் நடப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நீங்கள் நாள்தோறும் உடைத்து உருட்டாமல், உதிரியாகவே காயவைத்துக் கடைசியில் மட்டும் உருண்டை பிடிப்பவராக இருந்தால், அதையே எழுதவேண்டும். நாத்தனாரிடமும் காட்டி அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அச்சில் சில நூறு ஒட்டுத்தாள்களுக்கு மேல் போடவேண்டாம். நாளைக்கு மின் உலர்த்தி ஒன்று வாங்கி மழைக்காலத்திலும் வடகம் போடத் தொடங்கினால், கடைசி வரி அன்றே பொய்யாகிவிடும், மாற்றவேண்டியிருக்கும்.