அறிக்கையில் எதை டேபிளாகப் போடுவது, எதைப் பத்தியாக எழுதுவது?

"ஆபீஸ் ரிப்போர்ட்டில் எங்கே டேபிள், எங்கே லிஸ்ட், எங்கே பத்தி என்று எப்படி முடிவு செய்வது?"

எழுதியதைப் படிக்கும்போது கண் முன்னும் பின்னும் ஓடினால் அது டேபிளுக்கு உரிய விஷயம். மூன்று சப்ளையர்களை ஒப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 12 நாளில் சரக்கு தருவார், வாரண்டி 24 மாதம், இரண்டாமவர் 7 நாள், 12 மாதம், மூன்றாமவர் 15 நாள், 36 மாதம் என்று பத்தியில் எழுதினால், யார் சீக்கிரம் தருவார் என்று பார்க்கவே மேலாளர் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். சப்ளையர்களை வரிசையாகக் கீழே அடுக்கி, நாளையும் மாதத்தையும் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள். ஒரே வகை எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, இரண்டாமவரை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்? அதைக் கண்டிப்பாகப் பத்தியில்தான் எழுத வேண்டும். "வாரண்டி குறைவுதான், ஆனால் பழைய இயந்திரம் 10 நாளில் நிற்கப் போகிறது, அதனால் 7 நாளில் தருபவரே தேவை" என்பதில் உயிரே அந்த 'ஆனால்', 'அதனால்' தான், இதைப் புள்ளி வைத்து மூன்றாக உடைத்தால் முதலில் காணாமல் போவது அந்தச் சொற்கள். டேபிளின் ஒரு கட்டத்துக்குள் மூன்று வரி நீளத்துக்கு வாக்கியம் வந்தாலும் இதே தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

லிஸ்ட் இதைவிட எளிது: ஒன்றையொன்று சாராத, ஒரே மாதிரி உருப்படிகளுக்கு மட்டும். வரிசை முக்கியமென்றால் எண் போடுங்கள்.