நேரலை முடக்கத்தில் புதுச் சேனல் தொடங்குவது குறித்து

"கடலூரிலிருந்து ஞாயிறு இரவுகளில் யூடியூபில் ஒலி அரட்டை நடத்துகிறேன். பேச வந்த ஒருவர், வேறொருவரின் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டார். செவ்வாய் இரவு, விதிமீறலுக்காக யூடியூபிடமிருந்து என் முதல் ஸ்ட்ரைக் வந்தது. புதுச் சேனல் தொடங்கி இந்த ஞாயிறு நடத்தலாமா?"

வணக்கம். அந்த வழியில் போகாதீர்கள். ஒரு சேனலுக்கு விதித்த தடையை வேறொரு சேனல் மூலம் தாண்டுவதே தனி மீறலாகக் கருதப்படும். அதற்காக இரண்டு சேனல்களையுமே இழக்க நேரிடலாம். அதோடு, புதுச் சேனலில் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்த பின்பும் முதல் நேரலைக்கு அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம்; கைபேசியிலிருந்து நடத்துவதானால் 50 சந்தாதாரர்களும் வேண்டும்.

முதல் ஸ்ட்ரைக்குக்கான முடக்கம் ஒரு வாரம் என்பதால், உங்களுக்கு வரும் செவ்வாய் இரவோடு அது நீங்கும். ஆகவே தவறப்போவது இந்த ஒரு ஞாயிறு மட்டுமே. ஆனால் ஸ்ட்ரைக் 90 நாட்கள் கணக்கில் இருக்கும், பதிவை நீக்கினாலும் அழியாது. அந்த நாட்களுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம் முடக்கம், மூன்றாவது வந்தால் சேனலே நீக்கப்படும். தீர்ப்பு தவறென்று நினைத்தால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே மேல்முறையீடு செய்யலாம். முகவரி உண்மையிலேயே ஒலிபரப்பாகியிருந்தால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இந்த ஞாயிறு வழக்கமானவர்களை டெலிகிராம் குழுவின் குரல் அரட்டைக்கு அழையுங்கள். நிர்வாகி அங்கே அனைவரையும் ஊமையாக்கி வைத்து, கை உயர்த்துபவருக்கு மட்டும் பேச இடம் தரலாம். உங்களுக்கு நேர்ந்த சிக்கலுக்கு அதுவே பொருத்தமான கட்டுப்பாடு.