ஆசிரியரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு எழுதுவது

"அக்கா, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மகள் தரம் 3 படிக்கிறாள். நவம்பரில் பெற்றார் சந்திப்பு நடந்ததாம். நேரம் பதிய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. வந்த அறிக்கையில் 'முன்முயற்சி' என்ற இடத்தில் முன்னேற்றம் தேவை என்று இருக்கிறது. நான் பின்னேரம் மூன்று மணிக்கு வேலைக்குப் போகிறவன். இனி ஆசிரியரைச் சந்திக்கக் கேட்கலாமா? கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களா? மரியாதையாக எப்படி எழுதுவது?"

தம்பி, கேட்கலாம். இந்த வாரமே எழுதுங்கள். நவம்பர் சந்திப்பு என்பது எல்லாப் பெற்றாருக்குமாக ஒரு மாலையும் அடுத்த நாளும் ஒதுக்கி, ஆளுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் கொடுப்பது. அதைத் தவறவிட்டவர் ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டும் என்று எந்தப் பாடசாலையும் சொல்லாது. பெற்றார் தனியாக நேரம் கேட்பது இங்கே சாதாரணம்.

இந்த வாரமே என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது இலையுதிர்கால முன்னேற்ற அறிக்கை. அதில் புள்ளிகள் இருக்காது. பிள்ளை எந்தப் பாடத்தில் எப்படிப் போகிறாள் என்பதும், பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்ற ஆறு பழக்கங்களும் மட்டும்தான் இருக்கும். ஒன்ராறியோவில் முதலாவது தேர்ச்சி அறிக்கை ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும். நத்தார் விடுமுறை இடையில் இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளும். விடுமுறைக்கு முன் ஆசிரியரோடு பேசினால், அவர் சொல்வதை வீட்டில் செய்து பார்க்க உங்களுக்குச் சில வாரங்கள் கிடைக்கும். பெப்ரவரிக்குப் பிறகு பேசினால் எழுதி முடிந்த அறிக்கையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

கடிதம் வகுப்பாசிரியருக்குத்தான் போக வேண்டும். ஊரில் எதுவென்றாலும் அதிபருக்கு எழுதிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே வகுப்பாசிரியரைத் தாண்டி அதிபருக்கு எழுதினால் அது முறைப்பாடு போலத் தோன்றும். ஆசிரியர் சந்திப்புக்குள் வரும்போதே தன்னைக் காத்துக்கொள்ளும் மனநிலையோடு வருவார். அவருடைய மின்னஞ்சல் முகவரி செப்டெம்பரில் வீட்டுக்கு வந்த வரவேற்புத் தாளில் இருக்கும். இல்லையென்றால் பாடசாலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். மின்னஞ்சல் வசதிப்படாவிட்டால், சிறு தாளில் எழுதி மகள் தினமும் கொண்டுபோகும் கோப்புறையில் வையுங்கள். அதுவும் ஏற்றுக்கொள்ளப்படும் வழிதான். காலையில் பிள்ளையை விடப் போகும்போது வகுப்பு வாசலில் நின்று கேட்பது மட்டும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஆசிரியர் உள்ளே எடுத்துக்கொண்டிருப்பார்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். நான் வந்த புதிதில் மூத்த மகனின் ஆசிரியருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று தொடங்கி, நாங்கள் நாட்டைவிட்டு வந்த கதை, மகன் ஊரில் வகுப்பில் முதலாவதாக வந்த கதை, இங்கே அவன் சோர்ந்துபோன கதை எல்லாம் அதில் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: 'கடிதத்துக்கு நன்றி. நான் உங்களுக்கு எந்த வகையில் உதவ வேண்டும்?' சந்திக்க நேரம் கேட்கும் வரி கடைசிப் பந்தியின் நடுவில் கிடந்தது. அவர் அதைக் காணவேயில்லை. அன்று எனக்கு மனம் நொந்தது. பிறகுதான் புரிந்தது, இங்கே மரியாதை அடைமொழிகளில் இல்லை என்று. வாசிப்பவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அந்தக் கதைகள் எல்லாம் சொல்ல வேண்டியவைதான். அவற்றுக்கு இடம் சந்திப்பு.

உங்களுக்காக ஒன்றைத் தமிழில் எழுதித் தருகிறேன். இதே வரிசையில், இதே நீளத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

தலைப்பு வரியில்: மகளின் பெயர், தரம் 3, சந்திப்புக்கு நேரம்.

'வணக்கம் மிஸ் (குடும்பப் பெயர்). நான் உங்கள் வகுப்பில் படிக்கும் (மகளின் முழுப்பெயர்) என்பவரின் தந்தை. நவம்பர் சந்திப்புக்கு எங்களால் வர முடியவில்லை, மன்னிக்கவும். முன்னேற்ற அறிக்கையில் முன்முயற்சி பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தோம். வகுப்பில் அவள் எப்படி இருக்கிறாள் என்றும், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்றும் அறிய விரும்புகிறோம். உங்களோடு பதினைந்து நிமிடம் பேச முடியுமா? டிசம்பர் 9 செவ்வாய் அல்லது 11 வியாழன், காலை 8.15 எங்களுக்கு வசதி. அவை உங்களுக்குப் பொருந்தாவிட்டால், பிற்பகல் இரண்டு மணிக்கு முன் உங்களுக்கு ஏற்ற வேறு நேரத்தைச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசுவதும் எங்களுக்குச் சரி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் உதவியாக இருக்கும். நன்றி.' கீழே உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது நேரம் சொல்லும் வரி. நம்மவர்கள் பணிவாக 'நீங்கள் சொல்லும் எந்த நேரத்திலும் வருகிறோம்' என்று எழுதிவிடுவார்கள். ஆசிரியர் அதை நம்பி மாலை 3.30 என்று பதில் போடுவார். உங்களுக்கு வேலை. நீங்கள் மறுத்து எழுத, அவர் வேறொன்று சொல்ல, மூன்று நான்கு கடிதங்கள் போய்வரும். அதற்குள் விடுமுறை வந்துவிடும். இரண்டு நேரத்தைச் சொல்லி மூன்றாவதற்கு வழி திறந்து வைத்தால், அவர் ஒரே வரியில் 'செவ்வாய் சரி' என்று முடிக்கலாம். நான் காலை 8.15 போட்டது உங்கள் பாடசாலை 8.45க்குத் தொடங்கும் என்று எண்ணித்தான். தொடங்கும் நேரம் வேறாக இருந்தால் அதற்கு அரை மணி முன்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தை நீங்களாகக் கேட்க வேண்டாம். ஆனால் பகலில் பாடம் இல்லாத ஓர் இடைவேளை ஆசிரியருக்கு இருக்கும். இரண்டு மணிக்கு முன் என்று எழுதினால் அதையும் அவர் தரக்கூடும்.

விடயத்தைச் சொல்லும் வரியும் அவசியம். எதற்கு என்று சொல்லாமல் 'அவசரமாகப் பேச வேண்டும்' என்று மட்டும் எழுதினால், வீட்டில் ஏதோ பெரிய பிரச்சினை என்று ஆசிரியர் அஞ்சுவார். சிலவேளை துணை அதிபரையும் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு வரி சொல்லிவிட்டால் அவர் மகளின் வேலைகளை எடுத்து வைத்துக்கொண்டு வருவார், பதினைந்து நிமிடமும் பயன்படும். அதே வரியில் 'ஏன் இப்படிப் போட்டீர்கள்' என்ற தொனி வந்துவிடக் கூடாது. முன்முயற்சி என்று இங்கே பார்ப்பது பிள்ளை தானாகக் கையை உயர்த்துவது, கேள்வி கேட்பது, புதியதைச் செய்து பார்ப்பது போன்றவற்றை. சொல்லும்வரை அமைதியாக இருப்பதை நல்லொழுக்கம் என்று நாம் பழக்கிய பிள்ளை, அதிலும் புது மொழிக்குள் வந்து நான்கே மாதம் ஆன பிள்ளை, அங்கே பின்தங்கித் தெரிவது வியப்பில்லை. அவள் மொழி தெரியாமல் பேசாமல் இருக்கிறாளா, தெரிந்தும் தயங்குகிறாளா என்பது ஆசிரியர் கண்ணில் பட்டிருக்கும். சந்திப்பில் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். இங்குள்ள கல்விச் சபைகள் தமிழ் பேசும் பெற்றாருக்கு ஒழுங்கு செய்து கொடுப்பதுண்டு, ஆனால் அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால்தான் அது முதற் கடிதத்திலேயே இருக்கிறது, தேதியும் குறைந்தது ஒரு வாரம் தள்ளி இருக்க வேண்டும். மகளையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை எட்டு வயதுப் பிள்ளைக்கு வரக் கூடாது. அவள் சொல்லாமல் விடுவது எது என்றும் உங்களுக்குத் தெரியாது.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படாதீர்கள். சிறு வாக்கியங்களாக எழுதினால் பிழை குறையும். ஓரிரு பிழை இருந்தாலும் பொருள் விளங்கும். ஆசிரியரை மிஸ் அல்லது மிஸ்டர் சேர்த்துக் குடும்பப் பெயரால் அழையுங்கள். மேடம், சேர் என்பவை இங்கே கடையில் கேட்கும் சொற்கள் போல இருக்கும். ஊரில் விண்ணப்பக் கடிதங்களில் எழுதிய பழைய ஆங்கிலத் தொடர்களை விட்டுவிடுங்கள். 'முடியுமா' என்று கேள்வியாகக் கேட்டாலே போதிய பணிவு. பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்று குடியமர்வு உத்தியோகத்தர் ஒருவர் வாரத்தில் சில நாட்கள் இருப்பார். அனுப்ப முன் அவரிடம் ஒருமுறை காட்டலாம். கட்டணம் இல்லை.

அனுப்பி மூன்று பாடசாலை நாட்கள் பொறுங்கள். சனி, ஞாயிறைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பதில் வராவிட்டால் கோபித்துக்கொண்டதாக எண்ணாதீர்கள். அந்த வாரத்தில் பெட்டி நிறையக் கடிதம் வந்திருக்கும். முதற் கடிதத்தின் கீழேயே 'இது கிடைத்ததா என்று அறிய எழுதுகிறேன்' என்று ஒரு வரி போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அலுவலகத்துக்கு அழைத்து, ஆசிரியருக்கு ஒரு செய்தி விட முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் சொன்ன தேதி அதற்குள் கடந்துவிட்டால் புதிதாக இரண்டு தேதி சொல்ல மறக்காதீர்கள்.

நேரம் கிடைத்ததும், 'நன்றி, செவ்வாய் காலை 8.15க்கு வருகிறோம்' என்று உடனே பதில் போடுங்கள். நம்மில் பலர் இதைச் செய்வதில்லை. பதில் வராவிட்டால் நீங்கள் வருவது உறுதியா என்று ஆசிரியருக்குத் தெரியாது, மொழிபெயர்ப்பாளரையும் உறுதி செய்ய மாட்டார்கள். அன்று காலை எட்டு மணிக்கே போய் முதலில் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அங்கே பதியாமல் நேரே வகுப்பறைக்குப் போக விடமாட்டார்கள்.