தாடையோர பருவுக்கு பென்சொயில் பெரொக்சைட்டா, அடபலீனா?

"வயசு 29, ஹட்டன்ல இருக்கேன், பீரியட்ஸுக்கு முன்னுக்கு தாடையோரம் வலிக்கிற பரு வருது. பாமசில பென்சொயில் பெரொக்சைட்டும் அடபலீனும் குடுத்தாங்க, ரெண்டும் ஒன்னு தானா?"

இல்லங்க, வேலையே வேற. பீரியட்ஸ் நெருங்கும்போது பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் இறங்கிடும், ஆண் ஹோர்மோனான அன்ட்ரஜனோட கை ஓங்கும், அதுல எண்ணெய்ச் சுரப்பி கூடுதலா சுரக்கும். பிளட் டெஸ்ட் நோர்மலா இருந்தாலும் இது நடக்கும், சுரப்பி அன்ட்ரஜனுக்கு ரொம்ப உணர்வா இருக்கிறதுதான் காரணம்.

பென்சொயில் பெரொக்சைட் தோல் துளைக்குள்ள போய் ஒக்சிஜன வெளிவிட்டு பக்டீரியாவ கொல்லும். 2.5% போதும், 10% போட்டா எரிச்சல்தான் கூடும். துவாய், தலையணை உறையெல்லாம் வெளுத்துடும், வெள்ளைத்துணி பாவிங்க.

அடபலீன் ஒரு ரெட்டினொய்ட், அதாவது விற்றமின் A வகை மருந்து, அது கிருமிய கொல்றதில்ல, செத்த செல்லுங்க ஒட்டி துளைய அடைக்காம பாத்துக்கும், அதனால பருவுக்கு மேல மட்டும் வைக்காம முகம் முழுக்க ராவைக்கு ஒரு பட்டாணி அளவு பூசணும்.

என் தங்கச்சி நுவரெலியா குளிர்ல தினமும் பூசி மூணாவது வாரம் தோல் உரிஞ்சு, பருவும் கூடி, பயந்து விட்டுட்டா. திரும்ப ஒருநாள் விட்டு ஒருநாள், மொய்ஸ்சரைசர் போட்டு அதுக்கு மேல பூசி, காலைல பென்சொயில் பெரொக்சைட்டும் சன்ஸ்கிரீனும்னு தொடங்கினா, மூணு மாசத்துல புதுசா வர்றது நல்லா குறைஞ்சிருச்சு.

புள்ள பெத்துக்க யோசிச்சா அடபலீன் வேணாம். ரெண்டுமே ஹோர்மோன தொடாது, அதனால பீரியட்ஸ் தள்ளிப் போகுது, நாடியில முடி வளருதுன்னா சூலகத்தோட சம்பந்தப்பட்ட ஹோர்மோன் பிரச்சினையான பிசிஓஎஸ்ஸான்னு டொக்டர்கிட்ட கட்டாயம் பாருங்க.