காப்பீட்டு முன்மொழிவில் 'கிளைம் இல்லை' என்று எழுதலாமா?

கேள்வி: கோவையில் இரண்டு கூட்டாளிகளாக ஒரு கட்டடக்கலை அலுவலகம் நடத்துகிறோம், 2021இல் தொடங்கியது. கடந்த ஆண்டுக் கட்டண வருமானம் 48 லட்சம். எங்கள் தொழில்முறைப் பிழைக்காக யாராவது இழப்பீடு கேட்டால் உதவும் புரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசியை முதன்முறையாக எடுக்கிறோம். ஒரு வீட்டு உரிமையாளர் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நீர் கசிகிறது என்று மின்னஞ்சல் அனுப்பி, கடைசித் தவணைக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். வழக்கு எதுவும் இல்லை. கிளைம் பகுதியில் என்ன எழுதுவது? திட்டங்களையும் எங்கள் நடைமுறைகளையும் எப்படி விவரிப்பது?

பதில்: 'இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முன்மொழிவுப் படிவத்தில் பொதுவாக அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் இருக்கும்: உங்கள் மீது இதுவரை இழப்பீட்டுக் கோரிக்கை வந்ததா என்பது ஒன்று, அப்படியொரு கோரிக்கைக்கு வழிவகுக்கக்கூடிய சூழ்நிலை ஏதேனும் உங்களுக்குத் தெரியுமா என்பது மற்றொன்று. உரிமையாளரின் மின்னஞ்சலில் பணம் கேட்கப்படவில்லை என்றால் முதல் கேள்விக்கு 'இல்லை' என்பது சரியாக இருக்கலாம். ஆனால் குறையைச் சுட்டிக்காட்டி, கட்டணத்தையும் நிறுத்தி வைத்திருப்பதால் இரண்டாவதற்கு 'ஆம்' என்பதே பதில். இந்த வகைப் பாலிசி, பிழை நடந்த ஆண்டைப் பார்க்காமல், கோரிக்கை வந்து சேரும் ஆண்டைப் பார்த்தே பணம் தருகிறது. ஆகையால் ஏற்கெனவே தெரிந்திருந்த தகராறைக் காப்பீட்டாளர் ஏற்க மாட்டார். வெளிப்படுத்தினால் பெரும்பாலும் அந்த ஒரு வீடு மட்டும் விலக்கப்பட்டு மற்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். மறைத்தால், பின்னாளில் வேறொரு திட்டத்துக்காகக் கேட்கும்போதும் பாலிசியே செல்லாது என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். தவறு யாருடையது என்ற முடிவுக்குப் போக வேண்டாம். ஏறக்குறைய இப்படி: 'தனி வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நீர்க்கசிவு இருப்பதாக உரிமையாளர் இந்தத் தேதியில் எழுதினார். நீர்த்தடுப்புப் பணியின் வரைபட விவரம் எங்களுடையது. பணியைச் செய்தவர் உரிமையாளர் நேரடியாக நியமித்த ஒப்பந்ததாரர். இந்தத் தேதியில் இடத்தைப் பார்வையிட்டோம். இழப்பீடு கோரப்படவில்லை, கட்டணத்தில் இவ்வளவு நிலுவை உள்ளது.' மின்னஞ்சலின் நகலையும் இணையுங்கள். இதற்கிடையே உரிமையாளருக்கு 'எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோம்' என்று எழுதும் பழக்கம் நம் தொழிலில் அதிகம். பாலிசி வந்த பிறகு வேறொரு தகராறில் அப்படி எழுதினால், காப்பீட்டாளரின் அனுமதியின்றிப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகி அந்தக் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம்.

திட்டங்களைப் பற்றிய பகுதியில் அழகிய படத்தொகுப்பு யாருக்கும் வேண்டாம். மதிப்பிடும் அலுவலர் தேடுவது, எந்த வகை வேலையிலிருந்து எவ்வளவு கட்டணம் வருகிறது, அதில் உங்கள் பங்கு எதுவரை என்பதைத்தான். உங்கள் 48 லட்சத்தை, எடுத்துக்காட்டாக, தனி வீடுகள் 26, அடுக்குமாடி ஒன்று 14, உள்ளலங்காரம் 8 என்று பிரித்துக் காட்டினால் அவருடைய பார்வை உடனே அந்த அடுக்குமாடியில் நிற்கும். அங்கே கட்டமைப்புப் பொறியாளரை நியமித்தது நீங்களா, கட்டுநரா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டணத்திலிருந்து பொறியாளருக்குக் கொடுத்திருந்தால் அவருடைய கணக்கீட்டுப் பிழைக்கும் கட்டுநர் முதலில் உங்களிடம்தான் வருவார். அப்படியானால் அவருடைய பாலிசிச் சான்றின் நகலை வாங்கி இணையுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் சரிசெய்தாக வேண்டும் என்பதால், அவர் தம் செலவை உங்களிடம் திருப்பிக் கேட்கும் காலமும் நீளமானது. 'மேற்பார்வை' என்ற சொல்லையும் கவனியுங்கள்: மாதம் இருமுறை தளத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள்.

முதல் பாலிசியில் பின்தேதி என்ற ஒரு தேதி இருக்கும். அதற்கு முன் செய்த வேலையால் எழும் கோரிக்கைக்குப் பாதுகாப்பு இல்லை. கேட்காவிட்டால் அது பெரும்பாலும் பாலிசி தொடங்கும் நாளாகவே அமையும். 2021 முதல் வேண்டும் என்று முன்மொழிவிலேயே கேளுங்கள். பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம்.

இடர்க் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதுவதெல்லாம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். ஆகவே செய்யாததைச் செய்வதாக எழுதுவதைவிடக் குறைவாக எழுதுவது மேல். வரைபடத் திருத்த எண்களின் பதிவேடு, வாய்மொழி உத்தரவை மின்னஞ்சலில் உறுதிசெய்வது, தளப் பார்வைக் குறிப்பு ஆகியவை உண்மையில் நடக்கின்றனவா என்று ஒரு பழைய கோப்பை எடுத்துச் சோதித்த பிறகே எழுதுங்கள். கசிவுக்குப் பிறகு நீர்த்தடுப்பு விவரத்தை இரண்டாவது கூட்டாளி சரிபார்த்துக் கையொப்பமிடும் வழக்கம் தொடங்கியிருந்தால், தொடங்கிய தேதியுடன் சேர்த்துவிடுங்கள். வெளிப்படுத்திய தகராறுக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரி பத்துப் பொதுவான உறுதிமொழிகளைவிட எடையுள்ளது.

கையொப்பமிடுமுன் இருவரும் தத்தம் அஞ்சல் பெட்டிகளைத் தேடுங்கள். ஒரு கூட்டாளிக்கு மட்டும் தெரிந்த புகாரும் நிறுவனத்துக்குத் தெரிந்ததாகவே கருதப்படலாம். கையொப்பத்துக்கும் பாலிசி வருவதற்கும் இடையே புதிய புகார் வந்தால், அதையும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.