ரிவர்ஸ் போட்டா ஃபியூஸ் போகுது

“பாம்பன்ல வள்ளத்துக்கு நண்டு வலை இழுக்க 12 வோல்ட் மோட்டார், BTS7960 போர்டு வச்சு வின்ச் பண்ணிருக்கேன். ரிவர்ஸ் போட்டதும் ஃபியூஸ் போகுது, மோட்டாரும் கீச்சுனு கத்துது. ஏன்ணே?”

தம்பி, சுத்துற மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டர் மாதிரி, நல்லா ஓடும்போது 10 வோல்ட் எதிரா தள்ளிக்கிட்டு இருக்கும், அதனாலதான் கரண்ட் கம்மியா எடுக்குது. பட்டுனு திசைய மாத்துனா அந்த 10 பேட்டரியோட 12 கூட சேர்ந்துக்கும். காயில் 0.5 ஓம்னு வைங்க, 22-ஐ 0.5-ஆல வகுத்தா 44 ஆம்பியர், நின்ன மோட்டார ஸ்டார்ட் பண்ணுனாகூட 24 தான்.

அதனால PWM-ஐ அரை செகண்ட்ல மெதுவா சைபருக்கு இறக்குங்க, அப்புறம் `R_EN`, `L_EN` ரெண்டையும் LOW பண்ணி மோட்டார சும்மா சுத்த விடுங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, EN-ஐ HIGH-லயே விட்டுட்டு PWM ரெண்டையும் சைபர் ஆக்குனா போர்டு மோட்டார ஷார்ட் பண்ணி பிரேக் போடும், ஃபுல் ஸ்பீடுல அது 20 ஆம்பியர். டிரம் நின்னத கண்ணால பாத்துட்டு எதிர்ப்பக்கம் மெதுவா ஏத்துங்க. வலை பாரம் தொங்கும்போது மட்டும் EN-ஐ அணைக்காதீங்க, கயிறு உருவிட்டு போயிடும்.

கீச்சு சத்தம் PWM-ஐ 490 ஹெர்ட்ஸ்ல ஓட்டுறதால வருது, 16 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வைங்க, 25-க்கு மேல அந்த சிப்புக்கு ஆகாது, சூடாயிடும்.