பணிப் பட்டியலில் பிவட் டேபிள்: யார் தலையில் எவ்வளவு வேலை, எந்த வாரத்துக் கெடு தாண்டியது?

பட்டர்வொர்த், சரக்கு அனுப்பும் அலுவலகம்: அக்கா, நாங்கள் நான்கு பேர். வேலைகள் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில். பிவட் டேபிள் போட்டால் கமலாவுக்கு 14, ரவிக்கு 6 என்று வருகிறது. ரவி சும்மா உட்கார்ந்திருப்பதாக முதலாளி நினைக்கிறார். அவரோ இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போகிறார்.

பிவட் டேபிள் பொய் சொல்லவில்லை, தம்பி. எத்தனை வரிகள் என்று கேட்டீர்கள், அது வரிகளை எண்ணிக் கொடுத்தது. Task நெடுவரிசையை Values பகுதியில் இழுத்துவிட்டால், அதில் இருப்பது எழுத்து என்பதால் எக்செல் Count தான் போடும். பாரம் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியிலும் மதிப்பிட்ட மணிநேரம் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கோப்பில் Hours என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, நீங்கள் சொன்ன மணிநேரங்களை நிரப்பினேன். Owner Rows பகுதியில், Hours Values பகுதியில், முடிந்தவை வராமலிருக்க, முடித்த தேதி எழுதும் Done நெடுவரிசையை Filters பகுதியில் வைத்து வெற்றுக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்தேன். கமலாவின் 14 வேலைகளுக்கு 21 மணி. ரவியின் 6 வேலைகளுக்கு 33 மணி. கமலாவிடம் இருப்பவை பெரும்பாலும் படிவம் சரிபார்ப்பது. ரவியிடம் சேதமடைந்த சரக்குக்கு இழப்பீடு கேட்கும் கோப்பு ஒன்று மட்டுமே 12 மணி.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு கட்டத்தில் 3 என்று போடாமல் "3 மணி" என்று எழுதியிருந்தால் அந்த வரி Sum கணக்கில் சேராது, எச்சரிக்கையும் வராது. உங்கள் கோப்பில் இரண்டு இடங்களில் அப்படி இருந்தது.

அவரே மீண்டும்: சரி அக்கா. கெடு தாண்டியவற்றை வாரவாரியாக எடுப்பது எப்படி?

பிவட் டேபிளுக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. அதனால் கணக்கை மூல அட்டவணையிலேயே செய்துவிட வேண்டும். முதலில் கோப்பில் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று Ctrl+T அழுத்தி அட்டவணையாக்குங்கள், அதற்கு Tasks என்று பெயர் வையுங்கள். பிறகு Late, Week என்று இரண்டு நெடுவரிசைகள்:

```
=IF(AND([@Done]="",[@Due]<>"",[@Due]<TODAY()),1,0)
=IF([@Due]="","No date",[@Due]-WEEKDAY([@Due],3))
```

முதல் வரியில் நடுவில் இருக்கும் நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். கெடு எழுதப்படாத வெற்றுக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 என்பது இன்றைய தேதியை விடச் சிறியது. ஆகவே கெடுவே இல்லாத வேலைகள் எல்லாம் கெடு தாண்டியவையாகிவிடும். இரண்டாவது வரி எந்தத் தேதியையும் அந்த வாரத்துத் திங்கட்கிழமைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. Week நெடுவரிசைக்குத் தேதி வடிவம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 45,000 சொச்சத்தில் ஏதோ ஓர் எண் தெரியும்.

இனி பிவட் டேபிளில் Week கீழே Rows, Owner பக்கவாட்டில் Columns, Late உள்ளே Values. இங்கே Sum வேண்டும், Count அல்ல. Count போட்டால் 0 உள்ள வரிகளையும் எண்ணி எல்லா வேலையும் தாமதம் என்று காட்டும். சந்தேகம் வந்தால் எண்ணின் மேல் இருமுறை சொடுக்குங்கள். அந்த எண்ணுக்குள் இருக்கும் வரிகள் தனி ஷீட்டில் விரியும். முதலாளியோடு வாதாட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலைத் திட்டப் பிரிவு: இதற்கு ஏன் இத்தனை சுற்று? Due நெடுவரிசையை Rows பகுதியில் போட்டு, சுட்டியின் வலது பொத்தானால் சொடுக்கி Group, Days, 7 என்று கொடுத்தால் முடிந்தது. பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

செய்யலாம், தப்பில்லை. Days மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால்தான் 7 என்று எழுதும் கட்டம் திறக்கும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எக்செல் வாரத்தைத் திங்கள் என்று பார்ப்பதில்லை, பட்டியலில் உள்ள மிகப் பழைய தேதியிலிருந்து ஏழு ஏழாக வெட்டுகிறது. அது புதன்கிழமையாக இருந்தால் உங்கள் வாரங்கள் எல்லாம் புதன் முதல் செவ்வாய் வரை. Starting at கட்டத்தில் ஒரு திங்கட்கிழமையை நீங்களே எழுத வேண்டும். நெடுவரிசையில் ஒரே ஒரு தேதி எழுத்தாக இருந்தாலும் "Cannot group that selection" என்று மறுத்துவிடும். உங்கள் தொழிற்சாலைக் கோப்பில் தேதி சுத்தமாக வருகிறது. நான்கு பேர் கைப்பட நிரப்பும் கோப்பில் அந்தச் சுகம் இல்லை.

பட்டர்வொர்த்துக்காரர், அடுத்த நாள்: அக்கா, காரியம் கெட்டது. 16 ஜூன் 2025 திங்கள் காலை அட்டவணையைக் காட்டினேன். மே 19 வாரம் 1, மே 26 வாரம் 2, ஜூன் 2 வாரம் 4, ஜூன் 9 வாரம் 7. வாரத்துக்கு வாரம் மோசமாகிறோம் என்று முதலாளி கூட்டம் கூட்டிவிட்டார்.

இதைத்தான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. அந்த நான்கு எண்களும் நான்கு வாரங்களின் வரலாறு அல்ல. இன்று காலை இன்னும் முடியாமல் கிடக்கும் 14 வேலைகளை அவற்றின் கெடு எந்த வாரத்தில் இருந்தது என்று பிரித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான். மே 19 வாரத்தில் எத்தனை தாமதம் இருந்ததோ, அவற்றை முடித்ததும் Late 0 ஆகிப் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன. பழைய வாரத்துக்குச் சரிசெய்ய நாள் கிடைத்திருக்கிறது, போன வாரத்துக்குக் கிடைக்கவில்லை. எந்த அலுவலகத்தில் எந்தத் திங்கள் எடுத்தாலும் இது பெரும்பாலும் ஏறுமுகமாகத்தான் தெரியும்.

முதலாளி கேட்பது வேறு கேள்வி: ஒவ்வொரு திங்கள் காலையும் கைவசம் எத்தனை தாமதம் இருந்தது? இதற்குப் பிவட் டேபிள் உதவாது. ஒரே வேலை மூன்று திங்கட்கிழமைகளில் தாமதமாக இருந்திருக்கலாம், அதை மூன்று முறை எண்ண வேண்டும். பிவட் டேபிளோ ஒரு வரியை ஒரு வாரத்தில்தான் வைக்கும். Done நெடுவரிசையில் முடித்த தேதி இருப்பதால் நமக்கு வழி இருக்கிறது. H2 முதல் கீழ்நோக்கித் திங்கட்கிழமைகளை எழுதி, பக்கத்தில்:

```
=COUNTIFS(Tasks[Due],"<"&H2,Tasks[Done],"")
+COUNTIFS(Tasks[Due],"<"&H2,Tasks[Done],">="&H2)
```

முதல் பாதி இன்றுவரை முடியாதவை, இரண்டாம் பாதி அந்தத் திங்களன்றோ அதற்குப் பிறகோ முடிந்தவை. உங்கள் கோப்பில் போட்டுப் பார்த்தேன். மே 26 அன்று 15, ஜூன் 2 அன்று 16, ஜூன் 9 அன்று 13, ஜூன் 16 அன்று 14. கடைசி எண் பிவட் டேபிளின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறது, அதுதான் சரிபார்ப்பு. ஜூன் 9 அன்று இருந்த 13 வேலைகளில் 6 வேலைகளை அந்த வாரம் முடித்தீர்கள், 7 வேலைகள் புதிதாகச் சேர்ந்தன. நீங்கள் சரியவும் இல்லை, ஏறவும் இல்லை, நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். முதலாளிக்கு அது வேறு வகையான கவலை.

முடித்த தேதியை அன்றன்றே எழுதாமல் வெள்ளிக்கிழமை மொத்தமாக நிரப்பும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கும் கொஞ்சம் ஆடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கணக்கர்: பிவட் டேபிள் தானாகவே மாறிக்கொள்ளும்தானே? எங்கள் அலுவலகத்தில் யாரும் Refresh அழுத்துவதே இல்லை.

நீங்கள் கூகள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன், அங்கே அப்படித்தான். எக்செலில் அடுத்த நாள் கோப்பைத் திறந்ததும் TODAY() மூல அட்டவணையில் மாறிவிடும், பிவட் டேபிள் மட்டும் வெள்ளிக்கிழமை எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். PivotTable Options உள்ளே Data பக்கத்தில் Refresh data when opening the file என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

செந்தூல், வீட்டுச் சொந்தக்காரர்: அம்மா, இரண்டு பேர் மூன்று மாதமாக வாடகை பாக்கி. வாரத்துக்கு எத்தனை விழுக்காடு வட்டி போடலாம் என்று இதில் பார்க்க முடியுமா?

ஐயா, இங்கே பேசுவது வேலைக்கான கெடு. வட்டி போடலாமா என்பதை உங்கள் வாடகை ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

சுங்கை பட்டாணி கிளை, பினாங்கில் தலைமையகம்: எங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு கெடுக்கள் எல்லாம் உங்கள் கணக்கில் போன வாரத்தில் போய் விழுகின்றன.

ஆமாம், கெடாவில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். உங்கள் கிளைக்கு மட்டும் என்றால் இப்படி:

```
=IF([@Due]="","No date",[@Due]-WEEKDAY([@Due])+1)
```

ஆனால் தலைமையகத்தோடு ஒரே பிவட் டேபிளில் சேர்த்தால் ஞாயிறு ஒரு வரி, திங்கள் ஒரு வரி என்று ஒவ்வொரு வாரமும் இரட்டிப்பாகும். இரண்டு இடத்துக்கும் ஞாயிறு தொடக்கம் என்று வைத்துக்கொள்வது என் விருப்பம். தலைமையகத்தில் ஞாயிற்றுக்கிழமை கெடு வைப்பவர் அபூர்வம், அவர்களுக்கு ஒன்றும் குறையாது.

கிள்ளான், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கச் செயலாளர்: விளையாட்டுப் போட்டி வேலைகளை வேறொரு மென்பொருளிலிருந்து இறக்கினோம். ஜூன் மாத வேலைகளில் பாதி ஜனவரி, நவம்பர் என்று சிதறிக் கிடக்கின்றன. மீதி எப்போதுமே தாமதமாவதில்லை!

கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. 11/6/2025 அதற்கு நவம்பர் 6. 25 என்று ஒரு மாதம் இல்லாததால் 25/6/2025 என்பதை எழுத்தாக விட்டுவிட்டது, அதனால் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எக்செலுக்கு எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது. ஆகவே அந்த வேலைகள் இன்றைய தேதியை விடச் "சிறிய"தாக ஒருபோதும் ஆகாது, தாமதமும் ஆகாது. இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் சரிசெய்து திருப்தியடையாதீர்கள். மாறிப்போன தேதிகள் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். விண்டோஸ் வட்டார அமைப்பை English (Malaysia) என்று மாற்றி, இறக்கிய மூலக் கோப்பை மறுபடி திறப்பதுதான் முழுத் தீர்வு.

அதே செயலாளர்: ஒரு வேலைக்கு இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பு என்றால்?

"மாலா/சிவா" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் பிவட் டேபிளுக்கு அவர் மூன்றாவது ஆள். இரண்டு வரிகளாக்கி மணிநேரத்தைப் பிரித்துவிடுவேன், அப்போது பாரம் சரியாக வரும். ஆனால் தாமதம் இரண்டாக எண்ணப்படும். ஒருவரை மட்டும் பொறுப்பாளராக்கினால் தாமதம் சரி, பாரம் தப்பு. எங்கள் பிரிவிலேயே இதில் இரண்டு கட்சி இருக்கிறது.

பெயர் வேண்டாம், ஜார்ஜ்டவுன்: எங்கள் மேலாளர் வியாழக்கிழமையே கெடு தேதியைத் தள்ளி வைக்கச் சொல்கிறார். எங்கள் தாமதம் எப்போதும் 0.

Due நெடுவரிசைக்குப் பக்கத்தில் First due என்று ஒன்று வைத்து, முதலில் எழுதிய தேதியைப் பூட்டிவிடுங்கள். இரண்டும் வேறாக இருக்கும் வரிகளை யார் பெயரில் எத்தனை என்று பிவட் டேபிளில் எண்ணலாம். வாடிக்கையாளரே தேதி மாற்றியிருந்தால் அதுவும் இதில் விழும், காரணம் எழுத ஒரு கட்டம் வேண்டியிருக்கும். அந்த நெடுவரிசையைச் சேர்க்க உங்கள் மேலாளர் சம்மதிப்பாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.